பவுனில் எழுதிய நகைப் பட்டியலைக் கிராமுக்கு மாற்றுவது எப்படி? ஒரு புள்ளியால் விடுபட்ட ஜகாத்



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜுமுஆ முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, ஒரு சகோதரர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய நோட்டை எடுத்து நீட்டினார். அவருடைய மனைவி பல வருடங்களாக நகை வாங்கும்போதெல்லாம் எழுதி வைத்த நோட்டு அது. மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்காகப் பதினைந்து பவுன் சேர்க்க வேண்டும் என்று வீட்டில் ஒரு எண்ணம்.

"ஹஜ்ரத், மொத்தம் பத்தரைப் பவுன்தான் இருக்கிறது. பதினொரு பவுன் சேர்ந்தால்தானே ஜகாத்? மூன்று வருடமாக நாங்கள் கொடுக்கவில்லை. இந்த ரமளானுக்குள் இன்னும் அரைப் பவுன் வாங்கிவிடுவோம். அதற்குப் பிறகு கொடுத்தால் போதும் அல்லவா?" என்று கேட்டார்.

நோட்டில் இருந்தது இவ்வளவுதான்:

- கருகமணிச் சங்கிலி – 2.6
- வளையல் (நான்கு) – 4
- நெக்லஸ் – 2.7
- தோடு – 7 கி
- மோதிரம் – அரை

பக்கத்தில் மகனுடைய கையெழுத்தில் கூட்டல் இருந்தது. கைப்பேசியில் 2.6, 4, 2.7, 0.7, 0.5 என்று போட்டுக் கூட்டியிருக்கிறார். விடை 10.5. கால்குலேட்டரில் பிழை இல்லை, கூட்டலிலும் பிழை இல்லை. ஆனால் அந்த வீட்டில் இருந்தது பத்தரைப் பவுன் அல்ல. சரியாகப் பதினொரு பவுன். எண்பத்தெட்டு கிராம்.

இது எப்படி நடந்தது என்பதுதான் இன்றைய பாடம். உங்கள் வீட்டு நோட்டையும் கையில் எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

பவுன் என்றால் எவ்வளவு?

இங்கிலாந்து அச்சிட்ட சாவரின் என்ற தங்கக் காசிலிருந்து 'சவரன்' என்ற சொல் வந்தது. அந்தக் காசின் மதிப்பு ஒரு பவுண்டு என்பதால் அதையே 'பவுன்' என்றும் சொன்னார்கள். இரண்டும் ஒன்றுதான். 1817 முதல் அச்சான அந்தக் காசின் எடை 7.988 கிராம், தரம் 22 காரட். நம் நகைக்கடைகளில் அதை முழு எண்ணாக்கி, ஒரு பவுனுக்கு 8 கிராம் என்று வைத்துக்கொண்டார்கள். பத்திரிகையில் வரும் சவரன் விலையும் கிராம் விலையை எட்டால் பெருக்கியதுதான்.

ஆகவே நகைக்கு 8 கிராம் என்றே கணக்கிடுங்கள். பாட்டி காலத்து அசல் காசு உங்கள் வீட்டில் இருந்தால், அதை மட்டும் எண்ணிக்கையால் கணக்கிடாமல் தராசில் நிறுத்து எழுதுங்கள். தேயாத காசுகள் பதினொன்று இருந்தால் அவற்றின் எடை 88 கிராம் அல்ல, 87.87 கிராம். தேய்ந்தவை இன்னும் குறையும்.

ஒரு பவுனுக்கு எட்டு கிராம் என்பது நம் பழைய பின்ன வாய்பாட்டோடு அழகாகப் பொருந்துகிறது. முக்கால் பவுன் 6 கிராம், அரைப் பவுன் 4 கிராம், கால் பவுன் 2 கிராம், அரைக்கால் பவுன் 1 கிராம். பெரியவர்கள் "ரெண்டே முக்கால் பவுன்" என்று வாயால் சொல்லும்வரை குழப்பம் வரவில்லை. அதைப் புள்ளி வைத்து எழுதத் தொடங்கியபோதுதான் குழப்பம் வந்தது.

அந்தப் புள்ளி எதைக் குறிக்கிறது?

நான் அந்தச் சகோதரரிடம் கேட்டேன்: "கருகமணிக்கு நேரே 2.6 என்று இருக்கிறதே, அந்த ஆறு என்ன?" அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போன் செய்தார். மறுமுனையில் அந்தச் சகோதரி தயங்காமல் சொன்னார்: "ரெண்டு பவுன் ஆறு கிராம்."

விஷயம் அங்கேயே விளங்கிவிட்டது. அந்தச் சகோதரியின் நோட்டில் புள்ளி என்பது பவுனுக்கும் கிராமுக்கும் நடுவே வைத்த பிரிப்பு மட்டும்தான். மகன் அதைத் தசமப் புள்ளியாக எடுத்துக்கொண்டார். தசமத்தில் 2.6 பவுன் என்றால் 2.6 × 8 = 20.8 கிராம். தாய் எழுதியது 2 × 8 + 6 = 22 கிராம். ஒரே எழுத்து, இரண்டு பொருள், நடுவே 1.2 கிராம் வித்தியாசம்.

அரை மோதிரத்தில் இதற்கு நேர்மாறான பிழை. அரை என்றால் 0.5 என்று மகன் போட்டார். தசமத்தில் அது சரி. ஆனால் மற்ற வரிகள் பவுனும் கிராமுமாக இருக்கும்போது அரைப் பவுன் என்பது நான்கு கிராம், அதாவது அந்த எழுத்து முறையில் 0.4. ஆக ஒரே கூட்டலுக்குள் இரண்டு வகை எண்கள் கலந்துவிட்டன.

மிகப் பெரிய பிழை கூட்டலின் உள்ளே ஒளிந்திருந்தது. புள்ளிக்குப் பின்னால் இருந்த கிராம்களை மட்டும் எடுத்துப் பாருங்கள்: 6, 7, 7, 4. மொத்தம் 24 கிராம். எட்டு கிராம் ஒரு பவுன் என்பதால் 24 கிராம் மூன்று பவுன். முழுப் பவுன்கள் 2, 4, 2 சேர்ந்து எட்டு. எட்டும் மூன்றும் பதினொன்று. கால்குலேட்டருக்கு எட்டு தெரியாது. அது பத்து சேர்ந்தால்தான் அடுத்த இலக்கத்துக்குக் கொண்டுபோகும். அதனால் கிராம்கள் சேர்ந்து மூன்று பவுனாக வேண்டிய இடத்தில், இரண்டரை என்று காட்டியது.

முதலில் கிராமுக்கு மாற்றுங்கள், பிறகு கூட்டுங்கள்

இதற்கான முறை எளிது. பவுனில் கூட்டவே கூடாது. ஒவ்வொரு வரியையும் தனியாகக் கிராமுக்கு மாற்றி, கிராமில் மட்டும் கூட்ட வேண்டும். பவுன் எத்தனை என்று தெரிய வேண்டுமானால், கடைசியில் மொத்தத்தை ஒரே ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம்.

அந்த நோட்டை நாங்கள் இப்படித் திருத்தி எழுதினோம்:

- கருகமணிச் சங்கிலி: 2 பவுன் 6 கிராம் – 16 + 6 = 22 கிராம்
- வளையல்: 4 பவுன் – 32 கிராம்
- நெக்லஸ்: 2 பவுன் 7 கிராம் – 16 + 7 = 23 கிராம்
- தோடு: 7 கிராம்
- மோதிரம்: அரைப் பவுன் – 4 கிராம்
- மொத்தம்: 88 கிராம்

கிராமிலிருந்து பவுனுக்குத் திரும்பும்போதும் அதே பள்ளம் காத்திருக்கிறது. 92 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 92-ஐ எட்டால் வகுத்தால் கால்குலேட்டர் 11.5 என்று காட்டும். இதைப் "பதினொரு பவுன் ஐந்து கிராம்" என்று படித்துவிடாதீர்கள். இது பதினொன்றரைப் பவுன், அதாவது 11 பவுன் 4 கிராம். புள்ளிக்குப் பின்னால் வருவதை எட்டால் பெருக்கினால்தான் கிராம் கிடைக்கும்: 0.5 × 8 = 4. இந்தச் சிரமமே வேண்டாம் என்றால் கையால் வகுங்கள். எட்டு எத்தனை முறை போகிறதோ அது பவுன், மிஞ்சுவது கிராம்.

உங்கள் பழைய நோட்டில் எந்த முறையில் எழுதியிருக்கிறது என்று தெரியவில்லையா? ஒரு அடையாளம் சொல்கிறேன். புள்ளிக்குப் பின்னால் ஒற்றை இலக்கம் மட்டுமே வந்து, 8, 9 என்ற எண்கள் எங்கேயும் இல்லை என்றால், பெரும்பாலும் அது பவுனும் கிராமும்தான். எட்டு கிராம் ஆனால் அடுத்த பவுன் ஆகிவிடுமே! மாறாக 2.75, 1.125, 3.8 போன்ற எண்கள் இருந்தால் அது தசமம். இது ஒரு ஊகத்துக்கான வழி மட்டும்தான். பில் இருந்தால் பில்லைப் பாருங்கள். பில் இல்லையென்றால் நகையைக் கடையில் கொடுத்து நிறுத்துக்கொள்ளுங்கள்.

பில்லில் எந்த எடையை எழுதுவது?

கிராமுக்கு மாற்றிவிட்டால் மட்டும் பட்டியல் சரியாகிவிடாது. எடுத்து எழுதிய எடையே தவறாக இருந்தால் மாற்றிய கணக்கும் தவறுதான். நகைக்கடை பில்லில் ஒரே நகைக்கு மூன்று எடைகள் வரும்.

அந்த நெக்லஸின் பில்லையே எடுத்துக்கொள்வோம். மொத்த எடை 24.600 என்று இருந்தது. அது தராசில் வைத்தபோது வந்த எடை, கல்லும் சேர்ந்தது. கல் எடை 1.600. அதைக் கழித்த நிகர எடை 23.000. அதுதான் தங்கம். பிறகு சேதாரம் பன்னிரண்டு சதவீதம் என்று 2.760 கிராம் சேர்த்து, 25.760 கிராமுக்கு விலை போட்டிருந்தார்கள்.

பலர் செய்யும் தவறு, காசு கொடுத்த எடையைப் பட்டியலில் எழுதுவது. "இருபத்தைந்தே முக்கால் கிராமுக்குப் பணம் கட்டினேனே" என்பார்கள். உண்மைதான். ஆனால் சேதாரம் என்பது உங்கள் கைக்கு வரும் தங்கம் அல்ல. அது நகை செய்வதற்காகக் கடைக்காரர் வாங்கும் தொகை. எடையின் பெயரில் கேட்பதால் அது தங்கம் போலத் தெரிகிறது. பீரோவில் இருப்பது 23 கிராம். பட்டியலிலும் 23 கிராம்தான் இருக்க வேண்டும். அந்தச் சகோதரி 2.7 என்று எழுதியிருந்ததால், நிகர எடையைத்தான் எழுதியிருக்கிறார் என்பது உறுதியாயிற்று.

கருகமணியிலும் இதைக் கவனியுங்கள். கருப்பு மணிகள் தங்கம் அல்ல. கோத்த சரத்தை அப்படியே நிறுத்தால் மணியின் எடையும் சேர்ந்து வரும். வாங்கிய பில்லில் மணியைக் கழித்த எடை இருக்கும். இல்லாவிட்டால் சரம் மாற்றும்போது மணி இல்லாமல் ஒருமுறை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். அரக்கு நிரப்பிய பழைய நகைகளும் இப்படித்தான். தராசு காட்டுவது முழுவதும் தங்கமாக இருக்காது.

இன்னொன்று, பில்லில் புள்ளிக்குப் பிறகு எப்போதும் மூன்று இலக்கம் இருக்கும். 22.350 என்றால் 22 கிராம் 350 மில்லி. 22.035 என்றால் 35 மில்லி. நடுவில் உள்ள சுழியத்தை விட்டுவிட்டு எழுதினால் கால் கிராமுக்கும் மேல் வித்தியாசம் வந்துவிடும். அந்த மூன்று இலக்கத்தையும் அப்படியே எழுதுங்கள்.

தரத்துக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்

ஒருவருடைய மகன் ரியாதில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விடுமுறையில் வரும்போது 20 கிராம் சங்கிலி கொண்டுவருகிறார். வீட்டில் உடனே "இரண்டரைப் பவுன்" என்று எழுதிவிடுகிறார்கள். எடைக்கு அது சரிதான், 20-ஐ எட்டால் வகுத்தால் இரண்டரை. ஆனால் வளைகுடா நாடுகளில் 21 காரட் நகை பரவலாக விற்கிறது. அதில் 875 என்று முத்திரை இருக்கும். நம் ஊரில் பவுன் விலை என்று சொல்வது 22 காரட்டுக்கு, அதாவது 916 முத்திரைக்கு.

20 கிராமில் 875 தரம் என்றால் சுத்தத் தங்கம் 17.5 கிராம். அதே அளவு சுத்தத் தங்கம் 22 காரட்டில் ஏறக்குறைய 19.1 கிராம் எடையில் இருக்கும். மகளுக்குப் பதினைந்து பவுன் என்று 22 காரட்டை மனதில் வைத்துச் சேர்ப்பவர், இந்தச் சங்கிலியை முழு இரண்டரைப் பவுனாக எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ ஒரு கிராம் குறையும். அதனால் எடைக்குப் பக்கத்தில் 916, 875, 750 என்று முத்திரையைப் பார்த்து எழுதுங்கள். எடைகளை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டு, தரத்தைத் தனியாகக் குறித்தால் போதும்.

நிஸாபும் பதினொரு பவுனும்

இப்போது அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருவோம். "பதினொரு பவுன் சேர்ந்தால்தானே ஜகாத்?" என்றார். தங்கத்தின் நிஸாப் இருபது மிஸ்கால். மார்க்கம் பவுனில் எதையும் சொல்லவில்லை. அந்த மிஸ்காலை நம் காலத்து எடைக்கு மாற்றியதில்தான் இரண்டு கணக்குகள் உண்டு.

ஒரு மிஸ்கால் 4.25 கிராம் என்று கொள்பவர்களுக்கு நிஸாப் 85 கிராம். அதாவது 10 பவுன் 5 கிராம். ஏழரைத் தோலா என்ற கணக்கைப் பின்பற்றுகிறவர்களுக்கு, ஒரு தோலா 11.664 கிராம் என்பதால், நிஸாப் 87.48 கிராம். அதாவது 10 பவுன் 7.48 கிராம். நினைவில் நிற்கட்டும் என்று இதை முழு எண்ணாக்கியதுதான் நம் ஊர்களில் சொல்லும் "பதினொரு பவுன்". பதினொரு பவுன் என்பது 88 கிராம். நிஸாபைவிட அரை கிராம் அதிகம்.

இந்த இடத்தில் அந்தப் புள்ளியை மீண்டும் நினைத்துப் பாருங்கள். 85 கிராமை எட்டால் வகுத்தால் 10.625. இதையே பவுனும் கிராமுமாக எழுதினால் 10.5, பத்து பவுன் ஐந்து கிராம். ஆனால் 10.5-ஐ ஒருவர் பத்தரைப் பவுன் என்று படித்தால் அது 84 கிராம். நிஸாபுக்கு ஒரு கிராம் குறைவு! ஒரே "10.5" என்ற எழுத்து, ஒருவர் படித்தால் நிஸாபைத் தொடுகிறது, இன்னொருவர் படித்தால் தொடவில்லை. அதனால்தான் நிஸாபை ஒருபோதும் பவுனில் நினைவில் வைக்காதீர்கள், கிராமில் வையுங்கள் என்கிறேன்.

அந்த வீட்டில் இருந்தது 88 கிராம். 85 என்ற கணக்கிலும் அது நிஸாபைத் தாண்டியது. 87.48 என்ற கணக்கிலும் தாண்டியது. அவர்கள் ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்தவர்கள். அணியும் நகைக்கும் ஜகாத் உண்டு என்பதும், தங்கம் மிகுதியாக உள்ள நகை முழுவதையும் தங்கமாகவே கணக்கிட வேண்டும் என்பதும் அந்த மத்ஹபின் நிலை. நகை அந்தச் சகோதரியின் உடைமை, அவரிடம் வேறு பணமோ வெள்ளியோ இல்லை. கடைசி மோதிரம் வாங்கியும் மூன்று வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. ஆக ஜகாத் கடமையாகி இருந்தது. நாற்பதில் ஒரு பங்கு, 88 கிராமுக்கு 2.2 கிராம். பணமாகக் கொடுத்தால் கொடுக்கும் நாளின் கிராம் விலையால் பெருக்க வேண்டும். கிராம் 9,000 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைத்தால் 19,800 ரூபாய்.

விடுபட்ட மூன்று வருடங்கள் என்ன ஆவது? முதல் வருடத்துக்கு 2.2 கிராம் என்பதில் ஐயமில்லை. அது கொடுக்கப்படாமல் அவர்கள் மேல் கடனாக நின்றது. அந்தக் கடனைக் கழித்து இரண்டாம் வருடத்தைப் பார்த்தால் மிஞ்சுவது 85.8 கிராம். 85 கணக்குப்படி இன்னும் நிஸாப் இருக்கிறது, 87.48 கணக்குப்படி இல்லை. ஆகவே இரண்டாம் வருடத்தின் தீர்ப்பு, எந்த நிஸாபைப் பின்பற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்தது; முந்தைய கடன்களைக் கழித்தால் மூன்றாம் வருடத்தில் இரண்டு கணக்கிலும் நிஸாப் இல்லை. இந்த நுட்பமான எல்லையில் பதில் சொல்ல ஒரு ஆலிமுக்குச் சரியான கிராம் கையில் வேண்டும். "சுமார் பத்தரை" என்ற விடையை வைத்துக்கொண்டு யாராலும் பத்வா சொல்ல முடியாது.

கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈ சகோதரர்கள் இதை அப்படியே தங்கள் வீட்டுக்குப் பொருத்த வேண்டாம். அந்த மத்ஹபில், பெண்கள் வழக்கமான அளவில் அணியும் நகைக்கு ஜகாத் இல்லை. அணியும் நோக்கமின்றிச் சேமிப்பாக எடுத்து வைத்ததற்கு உண்டு. அதிலும் சுத்தத் தங்கம் மட்டுமே நிஸாபைத் தொட வேண்டும். 22 காரட் நகையில் 85 கிராம் சுத்தத் தங்கம் இருக்க வேண்டுமானால் நகையின் எடை ஏறக்குறைய 92.8 கிராம், அதாவது 11 பவுன் 4.8 கிராம் வேண்டும். இந்த 88 கிராமில் சுத்தத் தங்கம் 80.6 கிராம்தான். தரத்தை ஏன் தனியாக எழுதச் சொன்னேன் என்பது இப்போது விளங்கும். எது அணிவது, எது எடுத்து வைத்தது என்பதையும் பட்டியலில் குறியுங்கள்.

கையில் ரொக்கமும் வெள்ளியும் சேர்ந்து இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்கள் தங்கம் மட்டும் நிஸாபைத் தொடவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. முழு விவரத்தோடு தங்கள் ஆலிமிடம் கேட்க வேண்டும்.

சேமிப்புப் பக்கம்

அந்தக் குடும்பத்தின் இலக்கு பதினைந்து பவுன். அது 120 கிராம். கையில் 88 இருப்பதால் இன்னும் வேண்டியது 32 கிராம், சரியாக நான்கு பவுன். பழைய கணக்குப்படி அவர்கள் நாலரைப் பவுன் தேவை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அரைப் பவுன், நான்கு கிராம். அதே உதாரண விலையில் 36,000 ரூபாய். ஜகாத் விடுபட்டதோடு, தேவையில்லாத ஒரு பாரத்தையும் அந்தப் புள்ளி சுமத்தியிருந்தது. கொடுக்க வேண்டிய ஜகாத்தை நகையிலிருந்தே கொடுத்தால், அந்த எடையையும் மறுபடி சேர்க்க வேண்டும் என்பதையும் அவரிடம் சொன்னேன்.

32 கிராமை இரண்டு வருடத்தில் வாங்க நினைத்தால் மாதத்துக்கு 1.333 கிராம். இதைப் பவுனில் சொல்ல முயன்றால் ஆறில் ஒரு பவுன் என்று வரும். வாயில் நுழையாது, கடையிலும் எடுபடாது. கிராமில் சொன்னால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 4 கிராம் வாங்குவது என்று எளிதாகிவிடுகிறது. வாங்கும்போது சேதாரம், செய்கூலி, வரி எல்லாம் விலையில் சேரும். அவற்றுக்கான பணத்தைத் தனியாக ஒதுக்குங்கள், எடைப் பத்தியில் சேர்க்காதீர்கள்.

கடைகளின் மாதத் தவணைத் திட்டத்தில் சிலர் சேர்ந்திருப்பார்கள். ஒவ்வொரு மாதமும் கட்டிய பணத்துக்கு இத்தனை கிராம் என்று அட்டையில் வரவு வைப்பார்கள். அந்தக் கிராமை நகைப் பட்டியலில் சேர்த்து எழுதிவிடாதீர்கள். தங்கம் இன்னும் கைக்கு வரவில்லை. பணத்துக்குத் தங்கம் வாங்கும்போது இரண்டும் அதே இடத்தில் கைமாற வேண்டும் என்பது பெரும்பாலான உலமாக்களின் நிலை. எனவே அப்படியான திட்டத்தில் சேருமுன் அதன் நிபந்தனைகளைக் காட்டிக் கேளுங்கள். ஏற்கனவே கட்டியது இருந்தால் வேறு பக்கத்தில் ரூபாயாக எழுதுங்கள். நகை கையில் வந்த நாளில் நிகர எடையைப் பார்த்துப் பட்டியலில் ஏற்றுங்கள்.

கடைசியாக, பட்டியலில் உடையவர் பெயரும் இருக்கட்டும். ஜகாத் ஒவ்வொருவருடைய உடைமைக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படுகிறது. "மகளுக்காக" என்று சொல்லிக்கொண்டு தாய் தன் பீரோவில் தன் உடைமையாகவே வைத்திருந்தால் அது தாயின் நகை. மகளுக்கே கொடுத்து அவளுக்கு உரிமையாக்கிவிட்டால் அவளுடைய கணக்கு. இரண்டையும் ஒரே கூட்டலில் போட்டால் எடை எவ்வளவு சரியாக இருந்தாலும் விடை தவறாகிவிடும்.

ஆக நோட்டில் ஒவ்வொரு நகைக்கும் ஒரு வரி: நகையின் பெயர், நிகர எடை கிராமில் மூன்று இலக்கத்தோடு, தரம், வாங்கிய தேதி, உடையவர், அணிவதா எடுத்து வைத்ததா. தேதியோடு ஹிஜ்ரி மாதத்தையும் குறித்தால் வருடம் நிறைவதைக் கணக்கிட எளிது. பவுன் என்ற சொல்லைக் கடைசி வரியில் மட்டும், மொத்தத்துக்குப் பக்கத்தில், "11 பவுன் 0 கிராம்" என்று இரண்டு சொல்லையும் விரித்து எழுதுங்கள். நடுவே புள்ளி வைக்காதீர்கள்.

அந்தச் சகோதரர் அன்று மாலையே வீட்டுக்குப் போய்ப் பில்களை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். வளையல் நான்கையும் கடையில் நிறுத்துப் பார்த்தார். 88 கிராம் என்பது உறுதியானது. மறுவாரம் அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்த 2.2 கிராமை யாருக்குக் கொடுப்பது சிறந்தது, ஹஜ்ரத்?"

அல்லாஹ் அவருடைய ஜகாத்தையும் நம் அனைவருடைய ஜகாத்தையும் ஏற்றுக்கொள்வானாக. நாம் அறியாமல் விட்டவற்றை மன்னிப்பானாக. ஆமீன்.